மேடையில் பணம் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆகஸ்டு மாத ஞாயிறு மாலையில் பாளையங்கோட்டையில் நாற்பது மாணவர்களுக்கு உயர்கல்வி உதவித்தொகை வழங்கப்போவதாகவும், விழாப் பொறுப்பை அறக்கட்டளை உன்னிடம் தந்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். நீ அனுப்பிய நிரலைப் படித்தேன். வரவேற்புரை, புரவலர்களுக்குப் பொன்னாடை, காசோலை வழங்கல், மாணவி ஒருவரின் ஏற்புரை, நன்றியுரை, நாட்டுப்பண். நம் பக்கத்தில் எல்லா விழாவும் இப்படித்தான் நடக்கிறது. இதில் ‘காசோலை வழங்கல்’ என்ற வரியை முதலில் அடித்துவிடு.

கல்லூரிக் கட்டணத்துக்கான கடைசித் தேதி உன் விழாவுக்காகக் காத்திருக்காது. பணம் மேடையில்தான் கைக்கு வரும் என்றால், அதற்கு முன்பே அந்தப் பிள்ளையின் அம்மா கம்மலை அடகு வைத்திருப்பார், அல்லது வாரவட்டிக்கு வாங்கியிருப்பார். தலைக்கு 25,000 ரூபாய் வீதம் மொத்தம் பத்து லட்சம். அது விழாவுக்குச் சில வாரங்கள் முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் அனுப்பிவிடலாம் என்று நினைக்காதே. பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய கணக்குகளில் சில, வரவுசெலவு இல்லாமல் முடங்கிக் கிடக்கும். அனுப்பிய பணம் திரும்பி வரும். அம்மாவின் கணக்கைக் கொடுத்திருந்தால், அதிலிருந்து குழுக்கடன் தவணை தானாகப் பிடிக்கப்படுகிறதா என்று கேட்டுக்கொள். பிடிக்கப்பட்டால் கல்விப் பணம் கடனுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட வீடுகளுக்குக் கல்லூரியின் பெயரிலேயே நேராகக் கட்டு. விழாவுக்குள் நாற்பது கட்டண ரசீதும் உன் கோப்பில் இருந்தால் உன் வேலையில் பாதி முடிந்தது.

பணம் முன்பே போய்விட்டால் மேடையில் யாரும் யாருக்கும் எதையும் ‘கொடுக்க’ வேண்டியதில்லை. ஆளுயரக் காசோலை அட்டை தேவைப்படாது. ஒரு சான்றிதழும், அந்தந்தப் படிப்புக்குப் பயன்படும் ஒரு புத்தகமும் போதும்.

அடுத்தது தொகுப்பாளர் கையில் இருக்கும் அட்டை. ஒரு விழாவில் மாணவர் தலைநிமிர்ந்து மேடையேறுவாரா, குனிந்தபடி ஏறுவாரா என்பதை அந்த அட்டைதான் முடிவு செய்கிறது. நீ அனுப்பிய மாதிரியில் இப்படி இருக்கிறது: “தந்தை இல்லை. தாய் பீடி சுற்றுகிறார். ஒற்றை அறை வீடு. பிளஸ் டூ மதிப்பெண் 541.” இந்த விவரங்கள் எல்லாம் விண்ணப்பத்திலிருந்து எடுத்தவை. தேர்வுக் குழு படிப்பதற்காக அந்தப் பெண் எழுதிக் கொடுத்ததை, அவளுடைய வகுப்புத்தோழிகளும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் ஒலிபெருக்கியில் வாசிக்க நமக்கு உரிமை இல்லை. அதுவும் கீழே உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவின் காதில் விழும்படி. பீடி சுற்றுவதில் இழிவு ஒன்றும் இல்லை. முக்கூடல், கடையம் பக்கமெல்லாம் எத்தனையோ பிள்ளைகள் அந்த உழைப்பில்தான் படித்தார்கள். ஆனால் அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவளுடைய முடிவு.

ஆகவே அட்டையை அவர்களையே எழுதச் சொல். மூன்று வரி: பெயர், படிப்பும் கல்லூரியும், மேடையில் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பும் ஒன்று. “செவிலியர் படிப்பு, முதலாமாண்டு. மாவட்ட அளவில் கோகோ ஆடியவர்” என்று ஒருத்தி எழுதுவாள். “அம்மா சுற்றிய பீடிதான் என்னைப் படிக்க வைத்தது” என்று இன்னொருத்தி எழுதினால் அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் வாசிக்கச் சொல். விழா அன்று பதிவு மேசையில் ஒவ்வொருவரிடமும் பெயரை எப்படி உச்சரிப்பது, முதலெழுத்து என்ன என்று தொகுப்பாளரே கேட்டுக்கொள்ளட்டும். பதாகையில் ‘ஏழை எளிய’ என்று தொடங்கும் வாசகத்தை எடுத்துவிடு. ‘உயர்கல்வி உதவித்தொகை விழா’ என்றாலே எல்லோருக்கும் புரியும்.

காலில் விழுவதைப் பற்றியும் யோசித்து வை. முதல் பிள்ளை விழுந்துவிட்டால் மீதி முப்பத்தொன்பது பேரும் விழுந்தாக வேண்டிய நிலை வந்துவிடும். மேடையில் நின்றுகொண்டு தடுக்க முடியாது. அதனால் சான்றிதழைப் புரவலர் கையால் கொடுக்க வைக்காதே. அவரவர் பள்ளி ஆசிரியர் யாராவது வந்திருந்தால் அவர் கொடுக்கட்டும். இல்லையென்றால் சென்ற ஆண்டுகளில் இதே உதவித்தொகையில் படித்து இப்போது வேலையில் இருக்கும் ஒருவர் கொடுக்கட்டும். அண்ணன் அக்கா வயதில் இருப்பவரிடம் பிள்ளைகள் கைகுலுக்கிச் சிரித்துவிட்டு இறங்கிவிடுவார்கள்.

அப்படியானால் புரவலர்களுக்கு என்ன என்று உன் தலைவர் கேட்பார். கேட்க வேண்டியதுதான். பத்து லட்சம் கொடுத்தவர்கள் அகந்தையில் படம் எடுத்துக்கொள்ள வருகிறார்கள் என்று நினைப்பது அநியாயம். பெரும்பாலானோருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கொடுத்தது போய்ச் சேர்ந்ததா, பயன்பட்டதா? அதற்குப் பதில் சொல்வது அறக்கட்டளையின் வேலை, மாணவரின் வேலை அல்ல. ஒரே ஒரு தாள் அச்சடி. இந்த ஆண்டு எத்தனை பேர், எந்தெந்தப் படிப்பு, கட்டணம் எந்தத் தேதியில் கட்டப்பட்டது, சென்ற ஆண்டு பெற்றவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டுக்குப் போனார்கள், எத்தனை பேர் நின்றுவிட்டார்கள், ஏன். நின்றவர்களின் கணக்கை மறைக்காதே. பெயர் ஒன்றும் வேண்டாம், எண்ணிக்கை போதும். அதைத் தலைவர் மேடையில் பத்து நிமிடம் விளக்கி, புரவலர்களின் பெயரைச் சொல்லி அறக்கட்டளை சார்பில் நன்றி சொல்லட்டும்.

ஏற்புரைக்குப் பதிலாக ஒன்று செய்து பார். மூத்த மாணவர் ஒருவரை, தான் கற்றதை ஐந்து நிமிடம் காட்டச் சொல். செவிலியர் படிப்பின் இறுதியாண்டு மாணவி ஒருத்தி, விருப்பப்படும் புரவலரை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றி, ரத்த அழுத்தம் பார்க்கும் முறையை விளக்கட்டும். பேசிக்கொண்டே பார்த்தால், கையைத் தொங்கவிட்டால், அளவு கூடிவிடும் என்று அவள் சொல்வாள், அவர் கேட்டுக்கொள்வார். தன் பணம் என்ன ஆயிற்று என்பதற்கு அதைவிட நல்ல பதில் அவருக்குக் கிடைக்காது. எண் என்ன வந்தது என்பதை மட்டும் அவள் அவரிடம் தனியாகச் சொல்லட்டும். அவருக்கும் மானம் இருக்கிறது.

“நான் படிக்க வைக்கும் பிள்ளை யார், என்னுடன் நிற்கச் சொல்” என்று ஒருவராவது கேட்பார். நன்கொடை எல்லாம் பொது நிதியில் சேர்கிறது, இன்னாருக்கு இன்னார் என்று பிரிப்பதில்லை என்பதை வாங்கும்போதே சொல்லிவிடு. விழா அன்று முதன்முறையாகச் சொன்னால் அவருக்கு அவமானமாக இருக்கும்.

படம் எடுப்பதை மேடையிலிருந்து பிரித்துவிடு. தேநீர் வேளையில், விருப்பம் உள்ளவர்கள் வந்து நிற்கும்படி ஒரே ஒரு குழுப்படம். வேண்டாதவர் தேநீர்க் கோப்பையோடு நின்றுகொண்டிருப்பார். யாரும் கவனிக்க மாட்டார்கள். பிளஸ் டூ முடித்த பலருக்கு இன்னும் 18 ஆகியிருக்காது. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 நிரம்பாதவரைக் குழந்தையாகவே கொண்டு, பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. அறக்கட்டளையின் முகநூலில் படம் போடுவதற்கான ஒப்புதலை விண்ணப்பத்தோடு வாங்காதே. உதவித்தொகை உறுதியான பிறகு, தனித்தாளில் வாங்கு. விண்ணப்பத்தோடு கேட்டால் யார்தான் மறுப்பார்கள்?

சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பந்தி. வழிச்செலவை உதவித்தொகையோடு சேர்த்தே அனுப்பிவிடு; வாசலில் உறை வாங்க வரிசை வேண்டாம். முக்கூடலுக்குத் திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி விழா தொடங்கும் நேரத்தை வை.

கடைசியாக, அழைப்புக் கடிதத்தில் “விழாவுக்கு வருவது உங்கள் விருப்பம், வராவிட்டாலும் உதவித்தொகை உங்களுடையதே” என்று ஒரு வரி சேர்த்துவிடு. நாலைந்து பேர் வராமல் போகலாம். காரணம் கேட்காதே. மறுநாள் காலை அவர்களுடைய சான்றிதழையும் புத்தகத்தையும் விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு, கிடைத்ததா என்று மட்டும் ஒருமுறை போன் செய்து கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்