இரட்டித்தலும் பாதியாக்கலும்

பெருக்கல் வாய்பாடு அறியாதவரும் பெருக்கற்கணக்கைச் செய்து முடிக்க ஒரு பழைய வழி உண்டு. ஏறத்தாழ கி.மு. 1550இல் ஆமெசு என்னும் எழுத்தர் படியெடுத்த எகிப்தியச் சுவடியில், இரட்டித்துப் பெருக்கும் முறை காணப்படுகின்றது. பாதியாக்கலையும் சேர்த்துக்கொண்ட அதன் வடிவத்தை 'உருசிய உழவர் முறை' என்பர்.

22ஐ 35ஆல் பெருக்குவோம். இடப்பக்கம் 22ஐப் பாதியாக்கிக்கொண்டே சென்று, மிஞ்சும் ஒன்றை விட்டுவிடுவோம். வலப்பக்கம் 35ஐ இரட்டித்துக்கொண்டே வருவோம்.

22 — 35
11 — 70
5 — 140
2 — 280
1 — 560

இடப்பக்கம் ஒற்றையெண் நிற்கும் வரிசைகளின் வலப்பக்க எண்களை மட்டும் கூட்டினால், 70 + 140 + 560 = 770. இதுவே விடை.

இதன் காரணம் யாது? 22 முப்பத்தைந்துகளும் 11 எழுபதுகளும் சமமே. அங்கே எதுவும் இழக்கப்படவில்லை. ஆனால் 11 எழுபதுகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 5 நூற்றுநாற்பதுகள் கிடைத்து, ஓர் எழுபது தனித்து நிற்கின்றது. பாதியாக்கும்போது நாம் விட்ட 'ஒன்று' அந்த எழுபதே. ஆகவேதான் ஒற்றை வரிசைதோறும் அதனை எடுத்து வைக்கின்றோம். இறுதி 1க்கு நேரான 560 முழுவதும் எஞ்சியதாகும்.

ஒற்றைக்கு 1, இரட்டைக்கு 0 எனக் கீழிருந்து மேலாக எழுதினால் 10110 என வரும். இதுவே 22இன் இரும எண் வடிவம். அதாவது 16 + 4 + 2. நாம் கூட்டியவை 35இன் பதினாறு மடங்கும், நான்கு மடங்கும், இரு மடங்குமே. முதல் வரிசை இரட்டை என்பதை மறந்து அதனையும் கூட்டுவோர்க்கு 805 வரும். மிகை சரியாக 35 என்பதே பிழையைக் காட்டிக்கொடுக்கும்.