இலவச ஆப்பில் விளம்பரம்: எங்கே வைக்கலாம்?

2020 பிப்ரவரியில், தொல்லை தரும் விளம்பரங்களுக்காகச் சுமார் 600 ஆப்களை பிளே ஸ்டோரிலிருந்து கூகுள் நீக்கியது.

ஓசூர்–பெங்களூரு பஸ் நேரம் சொல்லும் இலவச ஆப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவசரத்தில் இருப்பவர் ‘தேடு’ பட்டனைத் தொட்டதும் முழுத்திரை விளம்பரம் குறுக்கே வந்தால், அது பிளே ஸ்டோர் விதிமீறல். ஆப்பைத் திறந்ததும் லோடிங் திரைக்கு முன்பே முழுத்திரை வீடியோ ஓடினாலும் அப்படியே. பஸ் பட்டியலுக்குக் கீழே, பட்டன்களிலிருந்து தள்ளி ஒரு பேனர் வைத்தால் போதும்; கை தவறிப் படாது.

முழுத்திரை விளம்பரத்தை 15 விநாடிக்குள் மூட முடிய வேண்டும். ‘வீடியோ பார்த்தால் இன்று முழுக்க விளம்பரம் இல்லை’ என்று பயனரின் விருப்பத்துக்கு விடும் வகைக்கு இந்த வரம்பு கிடையாது.

சோதிக்கும்போது திரையில் ‘Test Ad’ என்ற முத்திரை தெரிகிறதா என்று பார்க்கவும். சொந்த ஆப்பின் நிஜ விளம்பரத்தை உரிமையாளரே தொட்டால், ஆட்மாப் கணக்கு முடக்கப்படலாம்.