சராசரி மறைக்கும் இரண்டு மேடுகள்

ஐந்தாம் ஆண்டு வகுப்பொன்றில் 30 மாணவர் கணிதத் தேர்வு எழுதினர் என்று கொள்வோம். அவர்களின் சராசரி 54 புள்ளி. இதனை நடுத்தர வகுப்பு என்றே பலரும் கருதுவர். ஆயினும் புள்ளிகளைப் பத்துப் பத்தாக வகுத்து, மாணவர் ஒருவருக்கு ஒரு கோடு வீதம் இட்டுப் பாருங்கள்.

20–29: ||||
30–39: |||||||
40–49: |||
50–59: ||
60–69: ||||
70–79: |||||||
80–89: |||

முப்பதுகளில் ஒரு மேடு, எழுபதுகளில் மற்றொன்று, இடையே பள்ளம். சராசரி சுட்டும் ஐம்பதுகளில் இருவரே உளர். அவர்களுக்கேற்ற பாடம் கீழ்மேட்டின் 14 பேருக்குக் கடினம். மேல்மேட்டின் 14 பேருக்கோ சலிப்பு.

எனினும், மேட்டைக் கண்டவுடன் மாணவரை இரு வகையாகப் பிரித்துவிடலாகாது. முதலில் 25–34, 35–44 என எல்லைகளை மாற்றிக் கோடிட வேண்டும். பள்ளம் மறைந்துவிடின், அது சிறு எண்ணிக்கையால் நேர்ந்த தற்செயலாக இருக்கலாம். அடுத்து வினாத்தாளை நோக்க வேண்டும். பின்னத்திற்கு மட்டும் 40 புள்ளி ஒதுக்கியிருப்பின், அந்த ஒரு பாடமே வகுப்பைப் பிளந்திருக்கக்கூடும்.

பள்ளம் நிலைத்திருந்தால், கீழ்மேட்டினரின் விடைகளை வினாவாரியாக ஆராய வேண்டும். கூட்டல், பெருக்கல் ஆகியவற்றில் இரு சாராரும் ஒத்திருந்து, வாசித்துப் பொருளுணர்ந்து செய்யும் கணக்குகளில் மட்டும் இவர்கள் பின்தங்கியிருப்பின், குறை கணிதத்தில் இல்லை, வாசிப்பில் உள்ளது. அவர்களுக்கு மேலும் பத்துப் பெருக்கல் கணக்குகளைக் கொடுப்பதால் பயனில்லை. 38 புள்ளி பெற்ற பிள்ளையின் பெற்றோரும், எந்த வினாக்களில் புள்ளி குறைந்தது என்றே ஆசிரியரிடம் கேட்டறிதல் நன்று.

ஒரே மேடு தோன்றினால் வகுப்பில் ஒரே குழுதான் உள்ளது என்றும் கொள்ளலாகாது. இரு குழுக்களின் சராசரிகளும் நெருங்கியிருந்தால், மேடுகள் ஒன்றாகக் கலந்துவிடும்.