பேச்சில் வந்த எண்ணை இலக்கத்தில் எழுதுதல்

இடுக்கி மாவட்டத்தில் உள்ள முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டிற்குச் செல்கிறது. அந்த அணையைப் பற்றிக் குமுளியில் வாழும் பெரியவர் ஒருவர் பேசுவதாகக் கொள்வோம். அவர் பேச்சைப் பதிவுசெய்து, கேட்டவாறே எழுதினால் அது பின்வருமாறு அமையும்.

"ஆயிரத்தி எண்ணூத்தி எம்பத்தாறுல ஒப்பந்தம் போட்டாங்க. எட்டாயிரம் ஏக்கரு. ஏக்கருக்கு வருசம் அஞ்சு ரூவா, மொத்தம் நாப்பதாயிரம். தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தொம்பது வருசக் குத்தகை. இதை ஆயிரம் தடவை சொல்லியாச்சு. மழைக்காலத்துல தண்ணி நூத்தி நாப்பத்திரெண்டு அடிக்கு வருதான்னு எங்க தெருவுல பத்துப் பதினஞ்சு பேரு கேட்டுக்கிட்டே இருப்போம்."

இதில் உள்ள எண்களை இலக்கமாக மாற்ற நான்கு விதிகள் போதும். உரை முழுவதும் அவற்றை மாறாமல் பின்பற்ற வேண்டும்.

விதி 1: சிறிய எண் பெரிய எண்ணுக்கு முன் வந்தால் பெருக்குக, பின் வந்தால் கூட்டுக. 'ஐந்நூறு' என்பதில் ஐந்து முன்னே நிற்கிறது; ஆகவே 5 × 100 = 500. 'நூற்றைந்து' என்பதில் ஐந்து பின்னே நிற்கிறது; ஆகவே 100 + 5 = 105. 'இரண்டாயிரத்து ஐந்நூறு' என்பதில் இரண்டும் நிகழ்கின்றன: (2 × 1000) + (5 × 100) = 2,500. கேட்ட வரிசையிலேயே '2000 500' என எழுதுவது பிழை.

விதி 2: எண்ணின் ஈற்றைக் கவனிக்க. ஆயிரம், நூறு என்பன 'ஆயிரத்து', 'நூற்று' எனத் திரிந்தால், அந்த எண் இன்னும் முடியவில்லை; பின்வருவதையும் அதனோடு சேர்க்க வேண்டும். பேச்சில் இவை 'ஆயிரத்தி', 'நூத்தி' என ஒலிக்கும். திரியாமல் நின்றால் அந்த எண் அங்கேயே முடிகிறது. 'இரண்டாயிரம் இரண்டாயிரத்து ஐந்நூறு' என்று ஒருவர் சொன்னால் அது ஒரே எண் அன்று; உத்தேச அளவு. அதை 2,000 – 2,500 என எழுதுக. 'பத்துப் பதினஞ்சு பேரு' என்பதும் 10 – 15 பேர் ஆகும்.

விதி 3: தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகிய இரண்டையும் பிரிக்காமல் முழுச் சொல்லாகவே கொள்க. 'தொண்ணூறு' என்பதில் நூறு ஒலித்தாலும் அதன் மதிப்பு 90. 'தொள்ளாயிரம்' என்பதில் ஆயிரம் ஒலித்தாலும் அதன் மதிப்பு 900.

விதி 4: அளவு, விலை ஆகியவற்றில் காற்புள்ளி இடுக (8,000 ஏக்கர்), ஆண்டில் இடற்க (1886). எண்ணிச் சொல்லாமல் மிகுதியைக் குறிக்கும் 'ஆயிரம் தடவை' போன்றவற்றை எழுத்திலேயே விடுக.

இவ்விதிகளின்படி, குத்தகைக் காலத்தை மாற்றிப் பார்ப்போம். தொள்ளாயிரத்து (900), தொண்ணூற்று (90), ஒன்பது (9). முதல் இரண்டு சொற்களும் திரிந்துள்ளதால் மூன்றையும் கூட்ட வேண்டும், விடை 999. ஒலி ஒப்புமையால் முதற்சொல்லை விட்டுவிட்டு 99 என எழுதினால், குத்தகை 1985ஆம் ஆண்டு வாக்கிலேயே முடிந்துவிட்டது என்று பொருள்படும். உண்மையில் அது 2885 வரை செல்வது. ஒரு சொல் விடுபட்டதால் தொள்ளாயிரம் ஆண்டுகள் மறைந்துவிடும்.

மாற்றிய எண் சரிதானா என்பதை, உரையிலேயே உள்ள மற்ற எண்களைக் கொண்டு சோதிக்கலாம். 8,000 ஏக்கருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் 40,000 ரூபாய். பெரியவர் சொன்ன மொத்தத் தொகையும் அதுவே. 8,000 என்பதை 800 எனத் தவறாக எழுதியிருந்தால் கணக்கு ஒத்துவராது. அப்போது ஊகித்துத் திருத்தாமல் ஒலிப்பதிவை மீண்டும் கேட்க வேண்டும். நீர்மட்டத்திற்கு இத்தகைய கணக்கு உரையில் இல்லை. அதை வெளிச்சான்றோடு ஒப்பிடலாம்: 2014இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த நீர்மட்டம் 142 அடி. பெரியவர் கூறிய 'நூத்தி நாப்பத்திரெண்டு' அதனோடு பொருந்துகிறது.

பயிற்சி

அ. இலக்கத்தில் எழுதுக.
1. ஆனைமுடியின் உயரம் இரண்டாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டர்.
2. இடுக்கி மாவட்டம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் உருவானது.
3. பாலக்காட்டு வயலில் இருபது இருபத்தைந்து பறை நெல் கிடைத்தது.
4. நூற்றுக்கு நூறு உண்மை என்றார் அவர்.

ஆ. வேறுபாடு காட்டுக.
1. எண்ணூறு – நூற்றெட்டு
2. முந்நூறு நானூறு – முந்நூற்று நான்கு

இ. உம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் முதன்முதலில் பெற்ற கூலி, அக்கால அரிசி விலை ஆகியவற்றைக் கேட்டு, அவர் சொன்னவாறே எழுதுக. பின்னர் எண்களை இலக்கமாக மாற்றி, ஒவ்வொன்றிற்கும் எந்த விதியைப் பயன்படுத்தினீர் எனக் குறிப்பிடுக.