சம்பளம் குறைந்தது ஏன்? செயலியின் மூன்று திரைகள்

“இம்மாதச் சம்பளத்தில் வங்கி ஏதேனும் பிடித்துக்கொண்டதா?” என்று கேட்டுத் தில்லியில் பணிபுரியும் தமிழ் வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். வழக்கமாக 23,312 ரூபாய் வரவாகும் கணக்கில் 21,056 ரூபாயே வந்திருந்தது. அவருடைய நிறுவனச் செயலி ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. அதனை அவருடன் அமர்ந்து படித்தோம்.

அவருடைய மொத்தச் சம்பளம் 24,800 ரூபாய்; அதில் அடிப்படை ஊதியம் 12,400. அக்டோபர் மாதச் சம்பளச் சீட்டின் மேற்பகுதியில் Paid Days 28, LOP Days 3 என்றிருந்தன. LOP என்பது ஊதியமில்லா விடுப்பு. அந்நிறுவனம் மாதத்தின் நாள்களால் வகுப்பதால் ஒரு நாளுக்கு 800 ரூபாய். மூன்று நாள்களுக்கு 2,400. (சில நிறுவனங்கள் 30 அல்லது 26 ஆல் வகுக்கும்.) அடிப்படை ஊதியம் 11,200 ஆகக் குறைந்ததால், அதில் 12 விழுக்காடாகிய வைப்பு நிதிப் பிடித்தமும் 144 ரூபாய் குறைந்தது. ஆகவே கையில் குறைந்தது 2,256. சென்னையிலிருந்து மாற்றலாகி வருவோர் சீட்டில் தொழில் வரியைக் காணாது ஐயுறுவதுண்டு. தில்லியில் அவ்வரி இல்லை.

“விடுப்பு மீதமிருந்ததே!” என்றார் அவர். Leave Balance திரையில் 9 என்றிருந்தது, விண்ணப்பித்தவுடனேயே 6 ஆகக் குறைந்ததாம். அதனால் விடுப்பு கிடைத்துவிட்டதாக எண்ணிவிட்டார். பலரும் தவறுவது இங்கேதான். சில செயலிகள் விண்ணப்பம் வந்தவுடன் அந்நாள்களை இருப்பிலிருந்து தனியே ஒதுக்கிவைக்கும்; அது ஒப்புதல் அன்று. ஒப்புதலை Leave Request திரையில் Status என்னுமிடத்தில்தான் காண வேண்டும். அங்கே Approved என்றிராமல் Pending என்றிருந்தது. மேலாளரும் தீபாவளி விடுமுறையில் இருந்தார். 25ஆம் தேதி சம்பளக் கணக்கு முடிக்கப்பட்டபோது, ஒப்புதல் பெறாத மூன்று நாள்களும் LOP ஆகிவிட்டன.

இன்னொன்றையும் கவனித்தோம். சம்பளம் பிடிக்கப்பட்டிருந்தால் விடுப்பு இருப்பு மீண்டும் 9 ஆகியிருக்க வேண்டும். 6 ஆகவே நின்றால், அதே மூன்று நாள்களுக்கு ஊதியத்தையும் விடுப்பையும் இழந்ததாகும். இவருக்கு 6 என்றே நின்றது. விண்ணப்பத் திரை, இருப்புத் திரை, சம்பளச் சீட்டு ஆகிய மூன்றின் படங்களையும் இணைத்து மனிதவளப் பிரிவுக்கு எழுதச் சொன்னோம்.

மேலாளர் பின்னர் ஒப்புதல் அளித்தால், அடுத்த மாதச் சீட்டில் Arrears அல்லது LOP Reversal என்ற வரியில் 2,400 ரூபாய் வரும். இருப்பு 6 ஆகவே இருப்பதும் அப்போது சரியாகும். வைப்பு நிதிக்கு 144 ரூபாய் கூடுதலாகப் போவதால் கணக்கில் கூடுவது 2,256 மட்டுமே. அதுவரை 5ஆம் தேதிக் கடன் தவணைக்குரிய தொகை கணக்கில் குறையாதபடி, வேறு செலவொன்றை அவர் தள்ளிவைத்தார்.