பாக்கெட்டில் பச்சை, பாய்லரில் வெந்தது

சென்னையில் வீட்டிலேயே முந்திரிப் பாலும் முந்திரித் தயிரும் செய்து விற்கிற பெண்மணி அவர். பால் சேர்க்காத உணவு தேடுகிறவர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். ஒருநாள் அவர்களில் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார்: “நீங்க வாங்குறது நிஜமாவே ரா முந்திரிதானா? ஊறவெச்சா முளைக்குமா?”

பாக்கெட்டின் மேல் ‘ரா கேஷ்யூ’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அதை அப்படியே படம் எடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் முளைக்குமா என்ற கேள்வி அவரை விடவில்லை. ஒரு கைப்பிடி முந்திரியையும் ஒரு கைப்பிடி பச்சைப்பயறையும் இரவு ஊறவைத்து, தனித்தனி ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டார். மறுநாளே பயறு வாலை நீட்டிவிட்டது. முந்திரி ஊதிப் பருத்து, மூன்றாம் நாள் வழவழவென்று ஆகி நாற்றமடித்தது.

அப்படியானால் உண்மையான பச்சை முந்திரியை நாமே எடுத்துவிடலாமே என்று தோன்றியது. “முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டேன்” என்று இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார். பண்ருட்டிப் பக்கம் உறவினர் ஒருவருக்கு முந்திரித் தோப்பு உண்டு. மே மாதம் போனவர் இரண்டு கிலோ கொட்டை வாங்கி வந்தார். வீட்டில் பழைய பாக்குவெட்டி இருந்தது.

முதல் கொட்டை வெடித்ததுமே ஓட்டுக்குள்ளிருந்து பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான எண்ணெய் பீறிட்டுக் கட்டைவிரலில் தெறித்தது. துணியில் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தார். பருப்பு லேசில் வரவில்லை. ஓட்டோடு ஒட்டிக்கிடந்ததைக் கத்தி முனையால் நெம்ப வேண்டியிருந்தது. பத்துப் பன்னிரண்டு கொட்டை உடைத்தார். அவற்றில் நான்கைந்து பருப்பை அதே துணியில் துடைத்து, தோலோடு வாயில் போட்டார். நடுவில் வேர்வையைத் துடைக்கக் கழுத்தில் கை வைத்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அன்று மாலையே கட்டைவிரல் எரிந்தது. மூன்றாம் நாள் விரலிடுக்கில் நீர்க்கொப்புளங்கள். கழுத்தில் சிவந்த தடிப்பு. ஒரு கண்ணிமை வீங்கி மூடிக்கொண்டது. உதட்டோரம் வெந்தது போல் உரிந்தது. தோல் மருத்துவர் கையைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “மாம்பழம் தோலோட கடிச்சா உங்களுக்கு உதடு அரிக்குமா?”

அரிக்கும். சின்ன வயதிலிருந்தே.

மாவும் முந்திரியும் ஒரே குடும்பத்து மரங்கள். அந்தக் காலத்தில் வண்ணார்கள் துணிக்குக் குறி போடப் பயன்படுத்திய சேங்கொட்டையும் அதே குடும்பம். அதன் சாறு பட்டால் தோல் புண்ணாகும் என்பது நம் கிராமங்களில் பலருக்கும் தெரிந்த சங்கதி. சித்த மருத்துவத்தில்கூட அதைச் சுத்தி செய்யாமல் சேர்க்க மாட்டார்கள். முந்திரி ஓட்டை மட்டும் நாம் ஏனோ அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதில்லை. பாயசத்தில் மிதக்கிற பருப்பாகவே பார்த்துப் பழகிவிட்டதால் இருக்கலாம்.

முந்திரி ஓடு ஒற்றைச் சுவர் இல்லை. வெளியே வழுவழுப்பான ஒரு தோல், உள்ளே கெட்டியான ஒரு தோல், இரண்டுக்கும் நடுவில் தேனடை போன்ற அறைகள். எண்ணெய் இருப்பது அந்த அறைகளில். அதன் பெரும்பகுதி அனகார்டிக் அமிலம். கூடவே கார்டால், கார்டனால் என்று இரண்டு பொருள்கள். அமெரிக்காவில் காட்டுக்குள் போகிறவர்களைப் படுத்தும் ‘பாய்சன் ஐவி’ கொடியின் நஞ்சுக்கு இவை நெருங்கிய உறவு. தோலை இரண்டு வழியில் தாக்கும். நேரடியாகச் சுடுவது ஒன்று. அது சில மணி நேரத்தில் தெரியும். உடம்பின் எதிர்ப்பு மண்டலம் இதை எதிரியாகக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை படும்போது ஓரிரு நாள் கழித்துக் கிளப்புகிற ஒவ்வாமை இன்னொன்று. மாம்பாலில் ஏற்கெனவே பழகி அரித்த உடம்பு முதல் தடவையிலேயே முந்திரி எண்ணெயையும் எதிரியாகவே பார்க்கலாம். நம் பெண்மணிக்கு இரண்டுமே நடந்தன. மாலையில் விரல் எரிந்தது முதல் வகை. மூன்றாம் நாள் இமை வீங்கியது இரண்டாவது.

கை ஆறியதும் மறுபடி பண்ருட்டிக்குப் போனார், இந்த முறை உடைக்கிற கொட்டகைக்கு. அங்கே காயவைத்த கொட்டையை மூட்டை மூட்டையாகக் கலத்தில் கொட்டி, பாய்லரிலிருந்து நீராவி விட்டு வேகவைக்கிறார்கள். கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய. பிறகு பரப்பி ஒரு ராத்திரி ஆறவிடுகிறார்கள். இதில்தான் சூட்சுமம். வெந்து ஆறும்போது ஓடு விறைத்து நொறுங்கும் பதத்துக்கு வருகிறது; பருப்பு கொஞ்சம் சுருங்கி ஓட்டைவிட்டு விலகுகிறது. கையும் காலும் சேர்த்து இயக்குகிற கட்டிங் மிஷினில் வைத்து அழுத்தினால் ஓடு இரண்டாகப் பிளந்து பருப்பு முழுசாக விழும். பாக்குவெட்டியில் அவர் நெம்பி நெம்பி எடுத்ததும் எண்ணெயில் தோய்ந்ததும் இந்த இடைவெளி இல்லாததால்தான்.

வரிசையில் உட்கார்ந்திருந்த வயதான பெண்மணியின் விரல்களில் விளக்கெண்ணெய் மினுங்கியது. நகக்கண்களெல்லாம் கறுப்பு. “வேக வைக்காம உடைக்கிறது உண்டா ஆயா?” என்று கேட்டார்.

“ஆவில வேகாத கொட்டைய யாரும்மா தொடுவா? கையி பொத்துப்போயிடும்” என்றார் அந்த அம்மாள், கண்ணை எடுக்காமல்.

உடைத்த பருப்பின் மேல் இன்னும் செந்நிறத் தோல் இருக்கும். அது எளிதில் உரிய வேண்டும் என்பதற்காகச் சுமார் 70 டிகிரி சூட்டில் ஆறேழு மணி நேரம் டிரையரில் காயவைக்கிறார்கள். ஆக, வெள்ளைவெளேரென்று கடைக்கு வருகிற பருப்பு ஒரு தடவை வெந்து, ஒரு தடவை காய்ந்து வந்தது. முளை அப்போதே செத்துவிட்டது. பழைய முறையில் கொட்டையைச் சுழலும் டிரம்மில் போட்டு நெருப்பிலேயே வறுப்பார்கள். அதில் ஓட்டு எண்ணெய் தீப்பிடித்து எரியும், புகை கண்ணைப் பிடுங்கும். அங்கும் பருப்பு பச்சையாக வெளியே வருவதில்லை.

அப்படியானால் பாக்கெட் பொய் சொல்கிறதா? முழுப் பொய் என்று சொல்ல முடியாது. வியாபாரிக்கு ‘ரா’ என்றால் ஓட்டோடு இருக்கிற கொட்டை. பாக்கெட் போடுகிறவருக்கு எண்ணெயில் வறுக்காத, உப்புப் போடாத பருப்பு. வாங்குகிறவர் காதில் மட்டும் அது சூடே படாதது என்று விழுகிறது. சூடு காட்டாமல் கையால் உடைத்ததென்று சொல்லி அதிக விலைக்கு விற்கிறவர்கள் உலகச் சந்தையில் இருக்கிறார்கள். எண்ணெய் படாமல் ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பது முடியாத காரியம் இல்லை, மிக மெதுவான காரியம். ஆனால் கையில் இருக்கிற பருப்பைப் பார்த்து, அது அப்படி வந்ததுதானா என்று சமையலறையில் கண்டுபிடிக்க வழி இல்லை.

இங்கே பலரும் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள்: சூடு காட்டினால் விஷம் போய்விடும் என்று. நீராவி அந்த எண்ணெயை அழிப்பதில்லை. சூட்டில் அனகார்டிக் அமிலம் கார்டனாலாக மாறும். அதற்கும் சிலருக்கு அரிக்கும். வெந்த கொட்டையை உடைக்கிற ஆயாவும் விரலில் விளக்கெண்ணெய் தடவிக்கொள்வது அதனால்தான். நம் தட்டில் விழுகிற பருப்பு பத்திரமாக இருப்பதற்குக் காரணம், அது ஓட்டு எண்ணெயைத் தொடாமல் வெளியே வந்ததும், தொட்டிருந்தாலும் பெரும்பாலும் மேல்தோலோடு அது உரிந்து போனதும்தான். அதனால் எண்ணெய் பட்ட பருப்பை வீட்டில் கழுவி நெய்யில் வறுத்தால் சரியாகிவிடும் என்று நம்பக்கூடாது.

ஆலையில் வந்த சரக்கிலும் தப்பு நேரலாம். 1982இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சிறுவர் பேஸ்பால் சங்கத்துக்குப் பணம் திரட்ட முந்திரி விற்றார்கள். மொசாம்பிக்கிலிருந்து வந்த பருப்பு. சாப்பிட்டவர்களில் 54 பேருக்கு 1 முதல் 8 நாளுக்குள் உடம்பெல்லாம் அரிப்பும் தடிப்பும் வந்தன. முழங்கை மடிப்பு, தொடையிடுக்கு போன்ற இடங்களில் அதிகமாக. மூன்று பேருக்கு வாய்க்குள் கொப்புளம், நான்கு பேருக்கு ஆசனவாயில் அரிப்பு. பருப்போடு ஓட்டுத் துண்டுகளும் கலந்து, எண்ணெய் ஒட்டியிருந்ததுதான் காரணம். கையால் ஓட்டைத் தொடவே தொடாதவர்கள் அவர்கள். தின்றதே போதுமானதாக இருந்தது.

இந்தக் கதையைப் படித்த பிறகு நம் பெண்மணி ஒவ்வொரு கிலோவையும் தட்டில் பரப்பிப் பார்க்கிறார். தார் பட்டது போல் கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ பிசுக்கு இருந்தால், ஓட்டுச் சில்லு ஒட்டியிருந்தால், அந்தப் பருப்பும் அதோடு உரசிக் கிடந்தவையும் குப்பைக்குப் போகும். பருப்பு முழுக்கச் சீராக இளம்பழுப்பாக இருந்தால் அது சூடு கூடிப்போனது மட்டுமே. விலை குறையும், கெடுதல் இல்லை. ஆரம்பத்தில் இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல பருப்பை நிறைய வீசியிருக்கிறார்.

இன்னொரு பாடமும் மருத்துவரிடம் கிடைத்தது. முந்திரி தின்ற சில நிமிடங்களில் உதடு தடித்து, வாந்தி வந்து, மூச்சு இறுகினால் அது வேறு நோய். அது பருப்பிலேயே இருக்கிற புரதத்துக்கு எழும் ஒவ்வாமை. வறுத்தாலும் வேகவைத்தாலும் அது போகாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது. ஓட்டு எண்ணெய் நாள் கணக்கில் வேலை செய்வது.

கோவாவிலும் கொங்கணத்திலும் பிஞ்சு முந்திரியைப் பச்சையாகப் பிளந்து குழம்பு வைக்கிறார்களே என்று கேட்கலாம். வைக்கிறார்கள். அதைப் பிளப்பவர்கள் கையில் எண்ணெய் பூசிக்கொள்வார்கள், பருப்பைச் சுடுநீரில் போட்டுத் தோலை முழுக்க உரித்துவிடுவார்கள், பிறகு சமைப்பார்கள். தலைமுறையாகக் கைக்குப் பழகிய வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்குவெட்டியோடு உட்காருகிறவருக்கு அது வராது. கோடையில் ஊருக்குப் போகிற பிள்ளைகள் கொட்டையைத் தணலில் போட்டுச் சுடும்போதும் இதே எண்ணெய்தான் சீறித் தெறிக்கிறது. பட்டால் தாமதிக்காமல் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணிலும் முகத்திலும் கை வைக்கக்கூடாது. உடுத்தியிருந்த துணியையும் தனியாகத் துவைக்க வேண்டும். இமையோ வாயோ வீங்கினால் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

மீதியிருந்த கொட்டைகளை அவர் மாடித்தொட்டியில் ஊன்றினார். மூன்று வாரத்தில் இரண்டு முளைத்தன.

இப்போது அவருடைய பாட்டிலில் ‘ரா’ என்ற சொல் இல்லை. ‘ஆவியில் வேகவைத்து உடைத்த, வறுக்காத முந்திரி’ என்று போட்டிருக்கிறார். அந்த வாட்ஸ்அப் வாடிக்கையாளருக்கும் இதையே எழுதி அனுப்பினார். நீலக் குறி இரண்டும் விழுந்தன. அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஆர்டர் வரவில்லை.