பி-மதிப்பு 0.04 என்றால் தடுப்பூசி வேலை செய்கிறது என்று அர்த்தமா?

ஆய்வு முடிவு அட்டவணையைப் படம்பிடித்து அனுப்பி, "சார், இது சிக்னிஃபிகன்ட்டா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கட்டத்தை வட்டமிட்டிருப்பார்கள். அதுதான் பி-மதிப்பு இருக்கும் கட்டம். 0.05-க்குக் கீழே இருந்தால் 'ஆம்', மேலே இருந்தால் 'இல்லை' என்று ஒரு வார்த்தையில் பதில் வரும் என எதிர்பார்க்கிறார்கள். அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து அப்படிச் சொல்லக் கூடாது. ஏன் கூடாது என்பதைக் காட்ட உலகமே உற்றுப் பார்த்த ஓர் அட்டவணை இருக்கிறது.

தாய்லாந்தின் ராயோங், சோன்புரி மாகாணங்களில் 2003-இல் ஆர்வி 144 என்ற எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. 18 முதல் 30 வயது வரையிலான 16,402 பேர் அதில் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குத் தடுப்பூசியும் பாதிப் பேருக்கு மருந்துப்போலியும் போடப்பட்டன. 2009 செப்டம்பர் 24 அன்று முடிவை அறிவித்தார்கள்: தடுப்பூசி பெற்றவர்களில் 51 பேருக்கும், பெறாதவர்களில் 74 பேருக்கும் தொற்று. பாதுகாப்பு 31 சதவீதம், பி-மதிப்பு 0.04. எச்.ஐ.வி.க்கு எதிராக ஒரு தடுப்பூசி பலன் தந்ததாகச் சொல்லப்பட்டது அதுவே முதல் முறை. செய்தி உலகம் முழுவதும் பரவியது.

அந்த முடிவைச் சுற்றி நான்கு நம்பிக்கைகள் எழுந்தன. உங்கள் கையில் இருக்கும் அட்டவணையைச் சுற்றியும் இதே நான்குதான் எழும்.

நம்பிக்கை 1: பதினாறாயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வு, முடிவு உறுதியாகத்தான் இருக்கும்.

உண்மை: இப்படிப்பட்ட ஆய்வில் கணக்குக்கு உதவுவது சேர்ந்தவர்களின் எண்ணிக்கை அல்ல, தொற்று ஏற்பட்டவர்களின் எண்ணிக்கை. பதினாறாயிரம் பேரில் பெரும்பாலோருக்கு எதுவும் நேரவில்லை. இரு பிரிவுகளையும் வேறுபடுத்திக் காட்டுவது அந்த 125 தொற்றுகள் மட்டுமே.

இதைக் கையாலேயே சரிபார்க்கலாம். தடுப்பூசியால் எந்தப் பலனும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு தொற்றும் இந்தப் பிரிவில் விழுமா அந்தப் பிரிவில் விழுமா என்பது நாணயத்தைச் சுண்டுவதைப் போன்றதுதான். 125 முறை சுண்டினால் பூவும் தலையும் சரிபாதியாக வராது. கொஞ்சம் முன்பின் ஆகும். அந்த முன்பின்னின் வழக்கமான அளவு, மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலம். 125-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 11. வித்தியாசம் அதைப் போல் இருமடங்கைத் தாண்டினால், அதாவது சுமார் 22-ஐத் தாண்டினால், தற்செயலாக அப்படி நேர்வது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. இங்கே வித்தியாசம் 74 கழித்தல் 51, அதாவது 23. மயிரிழையில் தாண்டியிருக்கிறது.

எவ்வளவு மெல்லிய இழை என்று பாருங்கள். தடுப்பூசிப் பிரிவில் இன்னும் ஒருவருக்குத் தொற்று வந்திருந்தால் முடிவு எல்லைக்கோட்டிலேயே நின்றிருக்கும். இருவருக்கு வந்திருந்தால் பி-மதிப்பு 0.06 ஆகியிருக்கும். பதினாறாயிரம் பேர், பல ஆண்டு உழைப்பு, கடைசியில் இரண்டு பேரில் தொங்கும் முடிவு.

இந்தக் கணக்கு, இரு பிரிவுகளும் சம அளவில் இருந்து நிகழ்வுகள் அரிதாக இருக்கும்போது மட்டும் செல்லும். அப்படி இருந்தால், பி-மதிப்பைப் பார்க்கும் முன் இதைப் போட்டுப் பாருங்கள்.

நம்பிக்கை 2: பி-மதிப்பு 0.04 என்றால் தடுப்பூசி வேலை செய்ய 96 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

உண்மை: பி-மதிப்பு அதைச் சொல்லவே இல்லை. 'தடுப்பூசியால் பலன் இல்லை' என்று முதலில் வைத்துக்கொண்டு, அந்த நிலையில் இவ்வளவு வித்தியாசமோ இதைவிட அதிகமோ தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அது சொல்கிறது. பலன் இல்லை என்பதற்கே எவ்வளவு வாய்ப்பு என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் வேண்டுமானால், ஆய்வுக்கு முன் அந்தத் தடுப்பூசி மீது எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்றும் தெரிய வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஆயிரம் தடுப்பூசிகளைச் சோதிக்கிறோம். அவற்றில் நூறு மட்டுமே உண்மையில் பலன் தருபவை. ஆய்வு நன்றாக நடந்தால் அந்த நூற்றில் சுமார் 80 பிடிபடும். பலனற்ற 900-இல் ஐந்து சதவீதம், அதாவது 45, தற்செயலாகவே 0.05-க்குக் கீழே வந்துவிடும். அவற்றில் பாதி தீமைப் பக்கமும் பாதி நன்மைப் பக்கமும் விழும். ஆக, 'பலன் தருகிறது' என்று அறிவிக்கப்படும் சுமார் 102-இல் 22 வெறும் தற்செயல். ஐந்தில் ஒன்றுக்கும் மேல்! நான்கு சதவீதம், ஐந்து சதவீதம் என்று நாம் நினைத்த பிழை எங்கே, இது எங்கே?

ஆர்வி 144-இன் மீது முன்பே இருந்த நம்பிக்கை மிகக் குறைவு. அதில் இரண்டு ஊசிகள் சேர்ந்திருந்தன. அவற்றில் எய்ட்ஸ்வேக்ஸ் வகை ஊசி தனியாகச் சோதிக்கப்பட்டு இரண்டு பெரிய ஆய்வுகளில் தோற்றிருந்தது. அதில் ஒன்று பாங்காக்கிலேயே நடந்தது. இந்த ஆய்வை நடத்துவதற்கு அறிவியல் அடிப்படை போதாது என்று 2004-இல் 22 விஞ்ஞானிகள் 'சயின்ஸ்' இதழில் எழுதியிருந்தார்கள். அப்படி ஐயத்தோடு தொடங்கிய ஒன்றை நம்பவைக்க 0.04 என்ற சான்று போதாது.

நம்பிக்கை 3: 0.04 வெற்றி, 0.08-உம் 0.16-உம் தோல்வி.

உண்மை: செப்டம்பரில் ஒரு வரி மட்டுமே அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் முழு அறிக்கை வந்தபோது அட்டவணையில் மூன்று வரிகள் இருந்தன.

| யாரைக் கணக்கில் எடுத்தார்கள் | தடுப்பூசிப் பிரிவில் தொற்று | மருந்துப்போலிப் பிரிவில் தொற்று | பாதுகாப்பு | பி-மதிப்பு |
|---|---|---|---|---|
| சேர்ந்த அனைவரையும் | 56 | 76 | 26% | 0.08 |
| தொடக்கத்திலேயே தொற்றிருந்த 7 பேர் நீங்கலாக | 51 | 74 | 31% | 0.04 |
| எல்லா ஊசியும் முறையாகப் போட்டவர்களை மட்டும் | 36 | 50 | 26% | 0.16 |

உடனே பலர், "முதலில் நல்ல வரியை மட்டும் காட்டி ஏமாற்றிவிட்டார்கள்" என்றார்கள். அதுவும் முழு உண்மையல்ல. நீக்கப்பட்ட ஏழு பேருக்கும் முதல் ஊசிக்கு முன்பே தொற்று இருந்தது. அவர்களைத் தடுப்பூசி எப்படிக் காப்பாற்றியிருக்க முடியும்? அவர்களை நீக்கியது நியாயம்தான். மற்ற இரண்டு வரிகளையும் அன்றைக்கே சேர்த்துக் காட்டாததுதான் குறை.

மூன்று வரிகளும் மூன்று வேறு கதைகளைச் சொல்வதாகப் படிப்பது அதைவிடப் பெரிய தவறு. பாதுகாப்பு எண்களைப் பாருங்கள்: 26, 31, 26. மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. மூன்றாவது வரியில் மொத்தத் தொற்றே 86 என்பதால் பி-மதிப்பு ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

பி-மதிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் நம்பிக்கை இடைவெளி என்ற கட்டத்தைத்தான் முதலில் வட்டமிட வேண்டும். இந்தத் தரவோடு ஒத்துப்போகக்கூடிய பாதுகாப்பு எது முதல் எது வரை என்று அது காட்டும். முதல் வரியில் அது மைனஸ் 4 முதல் 48 சதவீதம் வரை; இரண்டாவதில் 1 முதல் 52 வரை; மூன்றாவதில் மைனஸ் 13 முதல் 52 வரை. மைனஸ் என்றால் தீமை. சற்றே தீமையிலிருந்து பாதிப் பாதுகாப்பு வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதுதான் மூன்றும் சேர்ந்து சொல்லும் செய்தி. 0.16 என்பதால் தடுப்பூசி பயனற்றது என்று நிரூபணமாகிவிடவில்லை. 0.04 என்பதால் பயனுள்ளது என்றும் நிரூபணமாகிவிடவில்லை.

நம்பிக்கை 4: ஒருமுறை சிக்னிஃபிகன்ட் என்று வந்துவிட்டால் விஷயம் முடிந்தது.

உண்மை: அங்கேதான் வேலை தொடங்குகிறது. தாய்லாந்து முடிவை அடிப்படையாக வைத்து, தென்னாப்பிரிக்காவில் பரவியிருக்கும் வைரஸ் வகைக்கு ஏற்பத் தடுப்பூசியை மாற்றியமைத்தார்கள். 2016-இல் உஹாம்போ என்ற ஆய்வு அங்கே தொடங்கியது. 5,400-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அங்கே தொற்று விகிதம் மிக அதிகம் என்பதால், மூன்றில் ஒரு பங்கு ஆட்களே இருந்தும் இருமடங்கு தொற்றுகள் பதிவாயின. 2020 ஜனவரியில் இடைக்கால முடிவைப் பார்த்தபோது தடுப்பூசிப் பிரிவில் 129 தொற்றுகள், மருந்துப்போலிப் பிரிவில் 123.

நாணயக் கணக்கைப் போடுங்கள். மொத்தம் 252, வர்க்கமூலம் ஏறத்தாழ 16, இருமடங்கு 32. வித்தியாசம் வெறும் 6, அதுவும் தடுப்பூசிக்கு எதிராக. தடுப்பூசி போடுவதை நிறுத்தினார்கள்.

இதிலும் எச்சரிக்கை வேண்டும். வைரஸ் வகை வேறு, ஊசியில் கலந்த துணைப்பொருள் வேறு, மக்களுக்கு இருந்த தொற்று ஆபத்தின் அளவும் வேறு. அதனால் தாய்லாந்து முடிவு பொய் என்று உஹாம்போ காட்டிவிட்டதாகச் சொல்ல முடியாது. தாய்லாந்தில் கண்ட பலன் தற்செயலாகவும் இருந்திருக்கலாம். அந்த ஊருக்கும் அந்த வைரஸுக்கும் மட்டும் உரியதாகவும் இருந்திருக்கலாம். எது என்று 0.04-ஐ எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

ஆகவே, அடுத்த முறை அட்டவணையை அனுப்பும்போது ஆறு விவரங்களையும் சேர்த்து அனுப்புங்கள்: ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு நிகழ்வு, நம்பிக்கை இடைவெளி எது முதல் எது வரை, மொத்தம் எத்தனை விதமாக அலசிப் பார்த்தார்கள், எதை முதன்மை என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள், இதே கேள்விக்கு முந்தைய ஆய்வுகள் என்ன சொன்னன. இந்த ஆறும் இல்லாத பி-மதிப்பை வைத்து எந்த மருந்தையும் ஏற்காதீர்கள், எதையும் ஒதுக்கவும் செய்யாதீர்கள்.